ஏழு மணி வகுப்பு: அறிவொளிக் காலமும் இன்றும்

பகல் முழுதும் கல் உடைத்துவிட்டோ களை எடுத்துவிட்டோ வந்த ஒருவருக்கு இரவு ஏழு மணிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால், எந்த எழுத்தில் தொடங்குவது? பழைய இராப்பள்ளிகள் பலவற்றில் இது ஒரு கேள்வியாகவே எழவில்லை. குழந்தைக்கு வைத்திருந்த அரிச்சுவடிதான் பெரியவருக்கும். முதலில் 12 உயிர், அப்புறம் 18 மெய், அதற்கப்புறம் க, கா, கி, கீ என்று 216 உயிர்மெய். வாத்தியார் சொல்வார், வகுப்பு திருப்பிச் சொல்லும். கொஞ்ச நாளில் ஒவ்வொருவராக நிற்பார்கள். நின்றவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று ஊரே சொல்லும்.

வந்தவர்கள் ஆர்வத்தோடுதான் வந்தார்கள். எழுத்தின் வரிசைதான் அவர்களை வெளியே தள்ளியது. தமிழில் அ, ஆ, இ போன்றவை தம் சொந்த வடிவத்தில் வருவது பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே. நடுவிலும் கடைசியிலும் அவை காலாகவும் கொம்பாகவும் சுழியாகவும் மாறி மெய்யோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால் 12 உயிரையும் ஒப்பிக்கத் தெரிந்தவர் இரண்டு வாரம் கழித்துப் பேருந்துப் பலகையை நிமிர்ந்து பார்த்தால், அவர் படித்த எழுத்து அதில் அபூர்வமாகத்தான் இருக்கும். அவரால் முழுதாகப் படிக்கக்கூடிய சொற்கள் ஆ, ஈ என்ற இரண்டே. கையின் பாடு இன்னும் மோசம். பென்சிலே பிடித்திராத கைக்குத் தொடக்க வாரங்களிலேயே இ, ஐ, ஔ என்று வளைவுகளைக் கொடுத்தால், மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் அங்கேயே மடங்கிக்கொள்ளும். குழந்தைக்கு முன்னால் பத்தாண்டுப் பள்ளிக்காலம் இருக்கிறது; அது காத்திருக்கும். உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவருகிற பெண்ணுக்கு அன்றைய இரவே ஏதாவது ஒரு சொல் படிக்கக் கிடைத்தாக வேண்டும்.

1978 அக்டோபர் 2 அன்று தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. ஒரு மையத்துக்கு 30 பேர், ஏறத்தாழ பத்து மாதம், சிறு மதிப்பூதியம் பெறும் ஒரு பயிற்றுநர் என்பது அதன் அமைப்பு. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1988இல், தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியின் சூட்டில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பிறந்தது. புதுக்கோட்டையில் 1991இல் அது தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கதை நாடறிந்தது. வகுப்பறைக்குள் நடந்த மாற்றத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அங்கே இரண்டு காரியங்கள் நடந்தன. ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் என்று வகுப்பு சிறிதாயிற்று. பாடம் எழுத்திலிருந்து சொல்லுக்கு நகர்ந்தது.

அறிவொளிப் பாடநூலின் தொடக்கப் பாடங்களில் பட்டா, படி என்ற சொற்கள் வந்தன. பட்டா என்பது கூலிக்காரரின் வாழ்க்கையையே ஆட்டிவைக்கிற காகிதம். அதைப் பற்றிப் பேச யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தைக் காட்டினால் பேச்சு தானாக வரும். கால் மணி நேரம் அந்தப் பேச்சு ஓடிய பிறகு பலகையில் ‘பட்டா’ என்று எழுதினால், அதைப் பார்க்கிற கண்ணுக்கு அது ஏற்கெனவே அறிந்த ஒன்றின் முகமாகிவிடுகிறது. சமூகக் காரணம் இது. இதற்கு ஈடான இன்னொரு காரணம் எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் நல்ல மாலை வகுப்பு இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

ப என்பது மூன்று நேர்கோடு: கீழே, பக்கவாட்டில், மேலே. ட என்பது இரண்டே கோடு. ம என்பது ப போலத் தொடங்கி ஒரு வளைவைச் சேர்த்துக்கொள்வது. இந்த மூன்றோடு மேலே வைக்கிற புள்ளியைக் கற்றால் முதல் இரண்டு மாலையிலேயே படம், மடம், பட்டம் என்று மூன்று முழுச்சொல் கைக்கு வருகின்றன. புள்ளியின் வேலையை விளக்கத் தேவையில்லை. படம் என்று சொல்லும்போது கடைசியில் வாய் மூடிக்கொள்கிறதே, அந்த மூடல்தான் புள்ளி என்றால் போதும். அடுத்து ஒரு கால்: பாடம், மாடம், மாமா, பாப்பா, பட்டா. அதற்கடுத்து ஒரு கொக்கி: படி, மடி, மாடி, பாட்டி. மூன்று எழுத்தும் மூன்று குறியும் கற்ற ஒருவர் முதல் வார முடிவில் பன்னிரண்டு சொற்களைப் படிக்கிறார். அரிச்சுவடி வழியில் போனவர் அந்த நேரத்தில் எ, ஏ என்று எழுதிக்கொண்டிருப்பார்.

சொல்லிலிருந்து தொடங்குவதில் தமிழுக்கென்றே ஓர் இலாபமும் உண்டு. நம்முடைய ட ஓர் இடத்தில் மெல்லவும் ஓர் இடத்தில் வல்லவும் ஒலிக்கும். படம் என்பதில் ஒரு மாதிரி, பட்டா என்பதில் இன்னொரு மாதிரி. எழுத்தைத் தனியாகக் கற்பித்தால் இந்த வேறுபாட்டை ஒரு விதியாகச் சொல்ல வேண்டிவரும். தெரிந்த சொல்லுக்குள் வைத்துக் கற்பித்தால், ப, ட, ம் என்று தட்டித் தடவி வந்தவர் சொல்லைக் கண்டுகொண்ட நொடியில் ஒலியைத் தாமே திருத்திக்கொள்கிறார். அந்த நொடியை முகத்தில் பார்க்கலாம். ஆனால் சொல் அவர் வாயில் புழங்குகிற சொல்லாக இருந்தால்தான் இது நடக்கும். நூலாசிரியர் விரும்பிய ‘மாண்பு’, ‘ஒற்றுமை’ போன்ற சொற்களில் நடக்காது.

தொல்லை தருபவை கொம்பு வைத்த எழுத்துகள். பெட்டி என்பதில் கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு ப எழுதுகிறது. வாயோ ப ஒலியை முதலில் சொல்லி எகரத்தைப் பின்னால் சேர்க்கிறது. கண்ணும் வாயும் எதிரெதிராக ஓடுகின்றன. பொட்டு என்று வந்தால் ஒரே ஒலிக்காக எழுத்தின் இரு புறமும் பார்க்க வேண்டியிருக்கிறது. குறியைத் தனியே பெயர் சொல்லிக் கற்பித்த வகுப்புகளில் இந்த இடத்தில்தான் ஆள் குறையத் தொடங்கும். பெ என்பதையும் பொ என்பதையும் பிரிக்காமல் ஒரே அட்டையில் ஒரே உருவமாகக் கொடுத்து, அதன் மேல் விரலை வைத்து ஒரே மூச்சில் ஒலிக்கச் சொன்னால் பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள். உகரம் இதற்கு நேர்மாறு: பு, டு, து என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் அதைப் பொதுக் குறியாகக் காட்டவே முடியாது. மாடு, பத்து, கடுகு என்று சொல்லோடு சொல்லாகத்தான் அது வந்து சேரும். அதனால் இவை இரண்டையும் மூன்றாம், நான்காம் வாரத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது. ‘எல்லா எழுத்தையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும்’ என்ற பரபரப்பு கற்பிக்கிறவருடையது. கற்கிறவருக்கு அப்படியொன்றும் இல்லை.

அறிவொளிக் காலத்து வகுப்பின் பெரிய பலம் பாட்டும் பேச்சும் கூட்டமும். அதன் பலவீனமும் அங்கேதான் இருந்தது. தெருவிளக்கடியில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து உரக்கப் படிக்கும்போது, முன்வரிசையில் இருக்கும் ஒருவர் படிக்க மற்றவர்கள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எழுத்தில்லாமல் வாழ்ந்தவர்களுக்கு நினைவாற்றல் கூர்மையாக இருக்கும். கடன் கணக்கும் தாலாட்டும் நூற்றுக்கணக்கான முகங்களும் தேதிகளும் தலைக்குள்தான் இருக்கின்றன. ஆறு வரிப் பாடம் இரண்டு தடவை கேட்டாலே பாடமாகிவிடும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சரளமாகச் சொல்வார்கள். பார்வையிட வந்தவர் மகிழ்ந்து போவார்.

படிக்கிறாரா ஒப்பிக்கிறாரா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. பாடத்தின் மூன்றாம் வரியின் நடுச்சொல்லில் விரலை வைத்துக் கேட்பது ஒன்று. ஒப்பிப்பவர் முதல் வரியிலிருந்து மெல்லச் சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லை அடைவார். இன்னொன்று, பாடத்தில் இல்லாத, ஆனால் தெரிந்த எழுத்துகளால் ஆன சொல்லைத் தருவது. படம், மாடி, பட்டா மூன்றும் படித்தவருக்குப் பாட்டி என்று எழுதிக் காட்ட வேண்டும். அதை உடைத்துப் படித்துவிட்டால் அவர் படிக்கத் தொடங்கிவிட்டார். பாட்டியைப் பார்த்துப் பட்டா என்றால் அவர் இன்னும் உருவத்தைத்தான் பார்க்கிறார். கையெழுத்தும் இப்படித்தான். ஊரில் நிறையப் பேருக்குத் தம் பெயரை எழுத வரும். அதை எழுத்தெழுத்தாக வெட்டி, அட்டைகளைக் கலைத்துப் போட்டால் பலரால் அடுக்க முடியாது. அவர்கள் வரைந்துகொண்டிருந்தது கோலம். கைநாட்டை ஒழித்த பெருமை சரிதான், ஆனால் கையெழுத்தை வைத்து எழுத்தறிவைக் கணக்கெடுத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

இனி இன்றைய வகுப்புக்கு வருகிறேன். 2022இலிருந்து 2027வரை என்று வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டில் மாலை வகுப்புகள் நடக்கின்றன. அறிவொளிக் காலத்தைப் போலவே தொண்டர்கள்தான் கற்பிக்கிறார்கள். இடம் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடம். விளக்கும் மின்விசிறியும் இருக்கின்றன. பாட்டும் கலைப்பயணமும் இல்லை. ஆனால் இவற்றைவிடப் பெரிய மாற்றம் பாயில் உட்கார்ந்திருக்கிறவரிடம் நடந்திருக்கிறது.

அன்றைய இயக்கத்தின் இலக்கு 15 வயது முதல் 35 வரை. இன்றைய திட்டத்துக்கு மேல்வரம்பு இல்லை. இளையோர் பள்ளிக்குப் போய்விட்ட ஊர்களில் வகுப்புக்கு வருகிறவர்கள் நாற்பத்தைந்தும் ஐம்பத்தைந்தும் கடந்தவர்கள். எங்கள் பக்கத்து வகுப்புக்கு வரும் ஓர் அக்காவை வைத்துச் சொன்னால் விளங்கும். வயது ஐம்பதுக்கு மேல். நூறு நாள் வேலை, களையெடுப்பு, இரண்டு ஆடு. சின்ன வயதில் இரண்டாம் வகுப்புவரை போனவர். பலகையில் எழுதினால் படிக்கிறார். புத்தகத்தைக் கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. “மண்டையில ஏறலப்பா, விட்டுரு” என்றார். புத்தகத்தை அவர் எப்படிப் பிடித்திருந்தார் என்று பார்த்தபோது விடை கிடைத்தது. கை நீளும் மட்டும் நீட்டி, முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து அது. படிக்கிற பழக்கமே இல்லாதவருக்கு அது வந்தது தெரியவே தெரியாது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட்டிருப்பார், அவ்வளவுதான். கண்பரிசோதனை முகாமில் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்த பிறகு மண்டையில் ஏறத் தொடங்கியது. நாற்பது கடந்தவர்கள் வருகிற எந்த வகுப்பிலும் முதல் நாள் பாடத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்: விரல் நீள எழுத்தைத் தூரத்திலும் நூல் எழுத்தைக் கைதூரத்திலும் காட்டிப் பார்ப்பது.

அந்த அக்காவிடம் இன்னொன்றும் கவனித்தோம். ‘வேலை’, ‘சாலை’ போன்ற சொற்களில் மட்டும் தடுக்கினார். அவர் பள்ளியில் இருந்த காலம் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. லை, ளை, ணை, னை ஆகியவற்றை அன்று துதிக்கை வைத்த ஒற்றை உருவமாக எழுதினார்கள். ணா, றா, னா போன்றவையும் வேறு. மொத்தம் 13 எழுத்துகள் மாறின. அவர் நினைவில் இருந்தது பழைய லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் அவருக்குத் தெளிந்தது. பாதியில் பள்ளியை விட்ட முதியவர்களை ஒன்றும் தெரியாதவர்களோடு சேர்த்து முதல் எழுத்திலிருந்து தொடங்கினால் இப்படிப்பட்டவை கண்ணுக்கே படாது. வந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவரையும் தனியே உட்கார்த்தி, எந்த எழுத்து தெரிகிறது, எது தெரியவில்லை என்று அட்டையை வைத்துப் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

எண்ணின் கதை முழுவதுமாகத் தலைகீழாகிவிட்டது. அறிவொளியில் எழுத்து முன்னே போயிற்று, எண் பின்னால் வந்தது. இன்று கைபேசி எல்லோருக்கும் பத்து இலக்கத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது. மகன் எண்ணை இலக்கம் இலக்கமாக அமுக்கத் தெரிகிறது. பேருந்தின் எண் தெரிகிறது. ஆகவே இன்றைய முதல் மாலையை எண்ணில் தொடங்கலாம்; எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தவர் தமக்குப் பத்துக் குறிகள் ஏற்கெனவே தெரியும் என்று கண்டுகொள்கிறார். ஆனால் இலக்கம் தெரிவது வேறு, எண் தெரிவது வேறு. அந்த அக்காவிடம் ஆயிரத்து ஐம்பது என்று எழுதச் சொன்னபோது 100050 என்று எழுதினார். இது கவனக்குறைவால் வருவதில்லை. காதில் ஆயிரம் விழுந்தது, 1000 எழுதினார். ஐம்பது விழுந்தது, 50 எழுதினார். வாய்க்கணக்கில் அவர் கெட்டிக்காரர். இடமதிப்பு மட்டும் அவருக்கு யாரும் காட்டாதது.

இதற்குப் பலகையில் ஒன்று, பத்து, நூறு என்று கட்டம் போட்டு விளக்குவதைவிடப் பணம் விரைவாக வேலை செய்கிறது. தரையில் சாக்கட்டியால் நான்கு கட்டம் போட வேண்டும். இடமிருந்து ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தாள், ஒன்றுக்குக் காசு. ஆயிரம் ரூபாய்த் தாள் இல்லாததால் அட்டையில் ஒன்று செய்துகொள்வோம். ஆயிரத்து ஐம்பதை அவரே எடுத்து வைக்கட்டும்: முதல் கட்டத்தில் ஒன்று, பத்தின் கட்டத்தில் ஐந்து. நூறின் கட்டம் காலி, ஒன்றின் கட்டம் காலி. காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவரே கேட்பார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்த பிறகு 0 வைத்தால் அது நிற்கும். மறுநாள் ஆயிரத்து ஐந்து, அதற்கடுத்த நாள் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று மாற்றிக் கேட்டு, 1005 சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பத்தியையும் மீதிப் பத்தியையும் அவரே விரல் வைத்துப் படிக்கிற நாள்வரை இதை விடக்கூடாது.

கைபேசி எழுத்துக்கு உதவியதா? அதில் நான் தயங்குகிறேன். குரல் செய்தி வந்த பிறகு வெளியூர் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை போய்விட்டது. அறிவொளிக் காலத்தில் மனுவும் கடிதமும் எழுதக் கற்பது உயிரான தூண்டுதலாக இருந்தது. இன்று அந்த இடம் காலி. அதே கைபேசியில் பேசினால் எழுத்தாகிற வசதியும் இருக்கிறது. ஒருவர் தம் அன்றைய நாளைப் பற்றி ஒரு வரி சொல்ல, அது திரையில் எழுத்தாக வர, அதையே அவர் படிப்பது நல்ல பயிற்சி. தம் வாயால் சொன்னது என்பதால் அடுத்த சொல் என்னவென்று அவருக்குத் தெரியும்; தெரிந்த ஒலியோடு தெரியாத உருவத்தைப் பொருத்திப் பார்க்க அது துணையாகிறது. ஆனால் ஊர்ப்பேச்சை அது அடிக்கடி தவறாகப் பிடிக்கிறது. “வூட்டுக்குப் போறேன்” என்றால் என்னவோ வருகிறது. அதனால் தொண்டரே கேட்டுப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக்கொடுப்பதுதான் இன்னும் மேல். அப்படி எழுதும்போது முதல் மாதம் அவர் சொன்னபடியே ‘போறேன்’ என்று எழுதலாம். நூலில் ‘போகிறேன்’ என்று இருக்கும் என்பதைச் சரளம் வந்த பிறகு காட்டிக்கொள்ளலாம். ல, ள, ழ பிழையையும் ந, ன, ண பிழையையும் முதல் ஆறு மாதம் சிவப்பு மையால் சுழிக்காமல் இருப்பதுதான் அவர் எழுதத் துணிவதற்கு வழி.

வருகைப் பதிவு அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் இருக்கிறது: நடவு, அறுப்பு, கோயில் திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல். அன்றைய பாடநூல்கள் மூன்று பாகமாக, ஒரு பாடத்தின் மேல் அடுத்த பாடமாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு வாரம் வராதவர் திரும்பும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும், வெட்கப்பட்டு நின்றுவிடுவார். இன்று நன்றாக நடக்கும் வகுப்புகளில் ஒவ்வொரு மாலையும் தனியாக நிற்கும்படி வைக்கிறார்கள். முதல் பதினைந்து நிமிடம் எல்லோருக்கும் பழைய அட்டைகள். அதன் பிறகு இரண்டு குழு, ஒன்று இன்னும் எழுத்தில், மற்றொன்று வாசிப்பில். வராதவர் வந்து உட்கார ஓர் இடம் எப்போதும் இருக்கும். இந்த எளிய ஏற்பாடு ஆள் நிற்பதைத் தடுக்கிற அளவுக்கு வேறெதுவும் தடுக்கவில்லை.

எழுத்தெல்லாம் முடிந்துவிட்டது, சொற்களை உடைத்துப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிவொளிக்கும் இன்றைய திட்டத்துக்கும் பொதுவான குறை இந்த இடத்தில் இருக்கிறது. தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவுகோலில் உரக்கப் படிப்பதற்கு நிமிடத்துக்கு 30 சொல், சொல்வதை எழுதுவதற்கு நிமிடத்துக்கு 5 சொல். இன்றைய தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50 என 150 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். அந்த 30 சொல் என்பது நாடு முழுமைக்கும் ஒரே அளவு. தமிழில் ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்பது ஒரே சொல்; அதில் 13 எழுத்துகள். எழுத்தெழுத்தாகத் தட்டுகிறவர் அந்த ஒரு சொல்லைத் தாண்டுவதற்குள் வாக்கியத்தின் எழுவாயை மறந்திருப்பார். மனம் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடியது சில நொடிகளின் சரக்கு மட்டுமே. வாக்கியம் அதைவிட மெதுவாக வந்தால், முன்பகுதி கரைந்துவிடும். எழுத்துத் தெரிந்தும் பொருள் புரியாத நிலை இப்படித்தான் உண்டாகிறது. இந்த நிலையில் வகுப்பு முடிந்தால், படிப்பது வேதனையாக இருப்பதால் அவர் படிக்க மாட்டார், படிக்காததால் மறந்துபோகும். அறிவொளி வகுப்பில் நன்றாகப் படித்த பலர் சில ஆண்டுகளில் பெயரெழுதுவதோடு நின்றதற்கு நான் காணும் முதற்காரணம் இதுதான். வளர்கல்வி மையங்கள் நூல்களைத் தந்தன. வேகத்தைத் தர யாரும் திட்டமிடவில்லை.

உலக வங்கியில் கல்வி உளவியலாளராகப் பணியாற்றிய ஹெலன் அபட்ஜி இதை நெடுநாளாக எழுதிவருகிறார். சிறுவயதில் கற்றவருக்கு எழுத்து முகம்போல ஒரு பார்வையில் விழுகிறது. வளர்ந்த பின் புதிய எழுத்துமுறையைக் கற்பவருக்கு அந்தத் தானியங்கித்தன்மை வருவது கடினம், நீண்ட பயிற்சி வேண்டும் என்பது அவர் வாதம். மாலை வகுப்பில் இருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அறிவில் எந்தக் குறையும் இல்லாத ஒருவர், பத்தாவது தடவையும் அதே ‘கெ’யில் ஒரு கணம் நிற்கிறார்.

வேகத்துக்கு ஒரே வழி, தெரிந்ததைத் திரும்பப் படிப்பது. ஐம்பது அறுபது சொல்லில், அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரு பத்தி. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் வரியில் விரலை ஓட்ட வேண்டும். அதே பத்தியை ஒரே மாலையில் மூன்று தடவை, மறுநாள் தொடங்கும்போது இன்னொரு தடவை. வாரம் ஒருநாள் கைபேசியின் நேரங்காட்டியை வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று எண்ணி, அவரவர் நோட்டின் பின்பக்கத்தில் மட்டும் எழுதிக்கொள்வது. பலகையில் போட்டு ஒப்பிடக்கூடாது. அந்த அக்கா பத்துப் பன்னிரண்டு சொல்லில் நின்றிருந்தார். புதிய பாடம் எதுவும் கொடுக்காமல் இரண்டு மாதம் இப்படியே போனதில் முப்பதைத் தொட்டார். பெயர்ப்பலகையை ஓடும் பேருந்திலிருந்து பிடிக்க முடிந்ததாக அவர் சொன்னது அதற்குப் பிறகுதான். பேருந்தின் முகப்பில் புள்ளி புள்ளியாக நகர்ந்து ஓடும் மின்பலகை அவருக்கு இன்னும் வசப்படவில்லை. நகர்கிற எழுத்துக்கு முப்பது சொல் வேகம் போதாது.

அதனால் இன்றைய திட்டம் வகுப்புக்கு ஒதுக்கியிருக்கும் 200 மணி நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் என் வேண்டுகோள். இப்போது அநேகமாக முழு நேரமும் எழுத்துக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் போகிறது. எழுத்தைப் பாதி நேரத்தில் நிறுத்திவிடலாம். ஔ வரிசையும் ங வரிசையும் அவை வரும் சொல்லோடு வந்து சேரட்டும். மீதி நூறு மணி நேரம் திரும்பப் படிப்பதற்கு வேண்டும். எழுத்துப் பட்டியல் நிறையாது என்று மேலிடத்தில் கேட்பார்கள். கேட்கட்டும், சொல்லிப் புரியவைக்கலாம்.

எவ்வளவு செய்தாலும் இருபது சொல்லைத் தாண்டாத சிலர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள், குறிப்பாக அறுபதை நெருங்கியவர்கள். அவர்களைப் பத்திகளோடு மல்லுக்கட்ட விடுவதில் பயனில்லை. அவர்களுக்கு வேறொரு பயிற்சி கொடுக்கிறோம். ஊராட்சி அறிவிப்பு, வங்கிச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு என்று உண்மையான தாள்களை விரித்து, முழுதும் படிக்காமல் தேடிக் கண்டெடுக்கச் சொல்வோம்: தேதி எங்கே, தொகை எங்கே, தன் பெயர் எங்கே, தன் ஊர் எங்கே. இந்த நான்கையும் எந்தத் தாளிலும் அரை நிமிடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறவருக்கு, மீதியைப் படித்துச் சொல்ல இன்னொருவரிடம் கொடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. தொகையைப் பார்த்துவிட்டுத்தான் கைநாட்டோ கையெழுத்தோ வைக்கிறார்.